மூன்று கொட்டேஷன், ஒரு பி.ஓ.: கணக்கு எங்கே தப்புகிறது

கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகம், ஏ4 தாள் 200 ரீம் வேண்டும். மூன்று இடத்தில் விலை கேட்கிறார்கள். புறக்கோட்டை மொத்தக் கடை "பெட்டி 7,900, வற் தனி, டெலிவரி இலவசம்" என்கிறது. நாரஹேன்பிட்டி விநியோகஸ்தர் "ரீம் 1,820, வற் உட்பட, கொண்டுவந்து தருவோம்" என்று அனுப்புகிறார். கொட்டாஞ்சேனையில் வற் பதிவு இல்லாத சின்னக் கடை ஒன்று "ரீம் 1,590, லொறிக் கூலி 6,000" என்று வட்ஸ்அப்பில் போடுகிறது. விலைகள் நான் கணக்குக்காக வைத்தவை, ஆனால் கொட்டேஷன்கள் வருகிற கோலம் இதுதான்.

அவசரத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது என்ன? பெட்டியில் 5 ரீம், 7,900ஐ 5ஆல் பிரித்தால் 1,580. அப்புறம் 1,590, அப்புறம் 1,820. புறக்கோட்டைதான் மலிவு, ஓடர் போட்டாச்சு. இந்தக் கணக்கில் கூட்டல் பிரித்தலில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் இந்த மூன்று இலக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததே பிழை. ஒன்றில் வற் இல்லை, ஒன்றில் இருக்கிறது, மற்றதில் லொறிக் கூலி வெளியே நிற்கிறது.

சரி, ஒழுங்காகப் போட்டுப் பார்ப்போம். இலங்கையில் 2024 ஜனவரி முதல் வற் 18 வீதம். உங்கள் கொம்பனி வற் பதிவு செய்தது, இந்தத் தாள் வற்றுக்கு உட்பட்ட தொழிலுக்குத்தான் போகிறது என்றால், நீங்கள் கட்டும் வற்றை உங்கள் வற் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆகவே அது உங்களுக்குச் செலவு இல்லை. அப்போது புறக்கோட்டை 1,580. நாரஹேன்பிட்டி 1,820ஐ 1.18ஆல் பிரிக்க 1,542.37, கொட்டாஞ்சேனை 1,590உடன் ரீமுக்கு 30 ரூபாய் லொறிக் கூலி சேர்ந்து 1,620. பார்வைக்கு விலை கூடியவர்தான் உண்மையில் மலிவு.

உங்கள் கொம்பனி வற் பதிவு செய்யாதது என்றால் கதை மாறிவிடும். கட்டுகிற வற் திரும்ப வராது, எனவே புறக்கோட்டை 1,864.40, நாரஹேன்பிட்டி 1,820, கொட்டாஞ்சேனை அதே 1,620. இப்போது சின்னக் கடைக்குத்தான் ஓடர். அதே மூன்று காகிதங்கள், பார்க்கிற முறைக்கு முறை வேறு வேறு ஆள் வெல்கிறார். அதனால் விரிதாளைத் திறக்க முன்னமே கணக்காளரிடம் கேட்டு முடிவு செய்யவேண்டியது இந்த ஒன்று: நாங்கள் வற்றைக் கழித்துப் பார்ப்பதா, சேர்த்துப் பார்ப்பதா?

"வரிகள் தனி" என்று மொட்டையாக எழுதுகிறவர்களிடம் எந்த வரி என்று கேட்டே ஆகவேண்டும். சிலர் 2.5 வீத சமூகப் பாதுகாப்பு பங்களிப்பு வரியையும் தனி வரியாகப் போடுவார்கள். அதை வற் மாதிரிக் கழித்துக்கொள்ள முடியாது, ஆகவே அது விலையோடு சேரவேண்டியது. வற் போடுகிறவர் உண்மையில் பதிவு செய்தவரா என்பதையும் கொட்டேஷனிலேயே பாருங்கள், வற் இலக்கம் வழக்கமாக -7000 என்று முடியும். இலக்கமே இல்லாமல் 18 வீதம் கேட்டால் அதை வற் என்று நம்பிக் கழித்துவிட வேண்டாம்.

விரிதாளை எப்படிப் போடுவது என்றால், ஒரு கொட்டேஷனுக்கு ஒரு நிரை. காகிதத்தில் இருக்கிற விலை அப்படியே B நிரலில், அந்த விலைக்கு எத்தனை ரீம் என்பது Cயில், வற் நிலை Dயில் (உட்பட என்றால் IN, தனி என்றால் EX, இல்லை என்றால் NO), லொறிக் கூலி Eயில், வேண்டிய ரீம் Fஇல். வற் வீதத்தை K1இல் 18% என்று ஒரே ஒரு இடத்தில் வையுங்கள். வற்றைக் கழிக்க முடிந்த கொம்பனிக்கு ஒப்பிடும் விலை இது:

```
=IF(COUNT(B2:C2,E2)=3, B2/C2/IF(D2="IN",1+$K$1,1)+E2/F2, "")
```

கழிக்க முடியாத கொம்பனிக்கு நடுப்பகுதி மட்டும் மாறும்:

```
=IF(COUNT(B2:C2,E2)=3, B2/C2*IF(D2="EX",1+$K$1,1)+E2/F2, "")
```

வந்த விலையை அழித்துவிட்டு மாற்றிய விலையை அதன் மேல் தட்டச்சு செய்கிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. செய்யாதீர்கள். பின்னால் கொள்வனவுக் கட்டளை, அதாவது பி.ஓ., அடிக்கும்போது அந்த முதல் விலைதான் தேவைப்படும், ஏன் என்று கீழே வருகிறது.

முன்னால் அந்த COUNT எதற்கு? வட்ஸ்அப்பிலிருந்து "Rs. 1,590/-" என்று கொப்பி பண்ணி ஒட்டினால் எக்செலுக்கு அது இலக்கம் இல்லை, வெறும் எழுத்து. கணக்கில் வந்தால் #VALUE! என்று காட்டும். அந்த அசிங்கம் பிடிக்காமல் யாராவது IFERROR போட்டு 0 ஆக்கிவிடுவார்கள், பிறகு MIN போய் அந்த 0ஐத்தான் மிகக் குறைந்த விலை என்று எடுக்கும். விலை தராமல் விட்ட சப்ளையருக்கும் இதே கதிதான், வெற்றுக் கலத்தை எக்செல் பெருக்கும்போதும் பிரிக்கும்போதும் பூச்சியமாகவே எடுத்துக்கொள்ளும். மறுபக்கம், MINஐ நேராக விலை நிரலின் மேல் போட்டால் அது எழுத்தாக இருக்கும் விலையைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், ஒருவர் போட்டியிலேயே இல்லாமல் போவார், உங்களுக்குத் தெரியவும் வராது. மேலே உள்ள சூத்திரத்தில் விலை, ரீம், லொறிக் கூலி மூன்றில் ஒன்று இலக்கமாக இல்லையென்றாலும் கலம் வெறுமையாக நிற்கும். வெறுமையாக நின்றால் போன் எடுத்துக் கேளுங்கள். லொறிக் கூலியில் 0 போடுவது "இலவசம்" என்று அவர்கள் எழுதித் தந்த பிறகுதான். சொல்லாமல் விட்டதும் இலவசமும் ஒன்றல்ல, களஞ்சிய வாசலில் லொறி வந்து நின்ற பிறகு அந்த வித்தியாசம் தெரியவருவதில் பிரயோசனம் இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும் மூவரும் ஒரே தாளுக்குத்தான் விலை தந்தார்களா என்று ஒருதரம் பாருங்கள். "ஏ4 தாள்" என்று மட்டும் கேட்டால் ஒருவர் 80 ஜி.எஸ்.எம்.முக்கும் இன்னொருவர் 70க்கும் தருவார். 500 தாள் கொண்ட 80 ஜி.எஸ்.எம். ரீம் ஏறக்குறைய 2.5 கிலோ, 70 என்றால் 2.2 கிலோவை ஒட்டி இருக்கும். சாமான் வந்ததும் ஒரு ரீமைத் தராசில் வைத்தால் போதும், உறையில் என்ன அச்சடித்திருந்தாலும் தெரிந்துவிடும்.

இனி பி.ஓ. தெரிவு செய்வதில் கவனமாக இருந்தவர்கள்கூட இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒப்பிடுவதற்காக எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தோம் அல்லவா, பி.ஓ. போகும்போது அதைத் திரும்ப சப்ளையரின் அளவுக்கே மாற்றவேண்டும். புறக்கோட்டைக் கடைக்கு ஓடர் போவதாக வையுங்கள். விரிதாளில் 200 என்று இருக்கிறது, கொட்டேஷனில் அலகு பெட்டி. இரண்டையும் அப்படியே பி.ஓ.வுக்கு இழுத்தால் 200 பெட்டி, அதாவது 1,000 ரீம். கடைக்காரர் நல்லவராக இருந்தால் "அண்ணே, இவ்வளவு பேப்பரும் எங்கே வைக்கப்போறீங்க?" என்று கேட்பார். கேட்கவேண்டிய கடமை அவருக்கு இல்லை. பி.ஓ.வில் எழுதவேண்டியது 40 பெட்டி, பெட்டி ஒன்று 5 ரீம், பெட்டி விலை 7,900. மொத்த ரீம் 200 என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் களஞ்சியத்தில் எண்ணுகிறவருக்கும் சுலபம்.

நாரஹேன்பிட்டிக்குப் போவதென்றால் வேறு வில்லங்கம். ஒப்பீட்டில் வந்த 1,542.37ஐ எடுத்து பி.ஓ.வில் போட்டால் 200 ரீமுக்கு 308,474.00, அதில் 18 வீதம் 55,525.32, கூட்டினால் 363,999.32. அவர்களுடைய இன்வொய்ஸ் 364,000.00க்கு வரும். 68 சதம். யாருக்கும் பொருட்டில்லாத காசுதான், ஆனால் பி.ஓ., களஞ்சியத்தில் சாமான் பெற்றதற்கு எழுதும் ஜி.ஆர்.என்., இன்வொய்ஸ் மூன்றும் சரியாக ஒத்துப்போனால்தான் காசோலை என்று இருக்கிற கணக்குப் பிரிவில் அந்த 68 சதத்துக்காகக் கோப்பு மேசையிலேயே கிடக்கும். இதனால்தான் வந்த விலையை அழிக்கவேண்டாம் என்றேன். பி.ஓ.வில் 1,820 வற் உட்பட என்று கொட்டேஷனில் உள்ளபடியே போட்டு, வற்றை மொத்தத்திலிருந்து பிரித்தெடுங்கள்:

```
=ROUND(364000*18/118,2)
```

55,525.42 வரும், மிச்சம் 308,474.58, இரண்டும் சேர்ந்து சரியாக 364,000. வட்டமாக்குவது கடைசியில் ஒரே தடவை, ஒவ்வொரு ரீம் விலையிலும் அல்ல.

பி.ஓ. தாளை ஒப்பீட்டுத் தாளோடு சூத்திரத்தால் இணைத்து வைப்பவர்களும் உண்டு. பார்க்க வசதி. ஆனால் ஒரு மாதம் கழித்து யாராவது ஒப்பீட்டுத் தாளை விலைப்படி அடுக்கி மாற்றினாலோ ஒரு விலையைத் திருத்தினாலோ, அனுப்பி முடிந்த பி.ஓ.வும் சேர்ந்து மாறும், பிரதி எடுத்தால் சப்ளையர் கையில் இருப்பது ஒன்று உங்கள் கோப்பில் இருப்பது இன்னொன்று. இலக்கம் சரியானதும் Paste Special போய் Values என்று ஒட்டி, பிடிஎஃப் ஆக்கி, அதையே அனுப்புங்கள். போன தடவை பி.ஓ.வை Save As போட்டுப் புதியது செய்கிறவர்கள் பி.ஓ. இலக்கத்தையும் டெலிவரி விலாசத்தையும் இரண்டு தரம் பார்ப்பது நல்லது. அலுவலகம் கொள்ளுப்பிட்டி, களஞ்சியம் வத்தளை என்றிருந்தால் சாமான் பழைய விலாசத்துக்கே போய் இறங்கும்.

இன்னொன்று, பி.ஓ.வின் அடியில் அச்சடித்த நிபந்தனைகள். சப்ளையர் "பாதி முற்பணம்" என்று கொட்டேஷனில் எழுதியிருக்க, உங்கள் படிவம் "30 நாள் கடன்" என்று சொன்னால், நீங்கள் அவருடைய விலையை ஏற்றுக்கொண்டதாக ஆகாது, புதிதாக ஒன்று கேட்டதாகவே ஆகும். அவர் மறுமொழி போடாமல் சும்மா இருந்தால் இரண்டு பேரும் தங்கள் காகிதத்தையே நம்பிக்கொண்டிருப்பீர்கள். முதலில் பேசி ஒத்துக்கொண்டதை எழுதி, கொட்டேஷன் இலக்கமும் திகதியும் பி.ஓ.வில் குறிப்பிடுங்கள். கொட்டேஷனின் செல்லுபடிக் காலமும் அப்போதே கண்ணில் படும். 14 நாள் என்று போட்டிருக்க, உங்களுக்கு மேலிடத்துக் கையொப்பம் கிடைக்கவே மூன்று கிழமை போயிருந்தால், பழைய விலைக்குப் பி.ஓ. அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். திகதி புதுப்பித்த கொட்டேஷன் ஒன்றை வாங்கி, விலை மாறியிருந்தால் மற்ற இருவரையும் சேர்த்து மறுபடி ஒப்பிட்டுவிட்டு, அந்தப் புதிய இலக்கத்தையே பி.ஓ.வில் போடுங்கள்.