சப்ளையருக்குக் கூடுதல் ஃபோர்காஸ்ட் அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் முறுக்கு, மிக்சர், மசாலைத் தூள் செய்யும் சிறு கம்பெனிகளில் பர்ச்சேசிங் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், இனி எவ்வளவு சரக்கு வேண்டும் என்ற ஃபோர்காஸ்ட்டைச் சப்ளையருக்கு அனுப்பும்போது, எங்கள் காலத்தில் நடந்த அதே தவறுகளை இன்றும் செய்கிறார்கள். மின்னஞ்சலை மறப்பது, எண்ணைத் தப்பாக அடிப்பது எல்லாம் அவர்களே திருத்திக்கொள்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரே எண்

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல்தான். நம்மூர் முறுக்குக் கம்பெனி ஒன்றில் 2023இல் நடந்ததைச் சொல்கிறேன். அவர்களுக்கு வாரம் சுமார் 10,000 அச்சடித்த பைகள் வேண்டும். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12. கடைசிக் காலாண்டில் விற்பனை ஒன்றரை மடங்காகும் என்று கணக்குப் போட்ட தம்பி, "அக்டோபர் முதல் டிசம்பர் வரை 180,000 பை" என்று ஒரே வரியில் பை சப்ளையருக்கு எழுதிவிட்டார்.

சப்ளையர் என்ன செய்வார்? பன்னிரண்டு வாரத்தால் வகுத்தார். வாரம் 15,000 என்று பை செய்யும் பிளாஸ்டிக் பிலிம் வாங்கினார், அச்சு மிஷினிலும் அந்த அளவுக்கே நேரம் ஒதுக்கினார். ஆனால் தீபாவளிச் சரக்கு அக்டோபர் கடைசிக்குள் கடைகளில் இருக்க வேண்டும். அதனால் அக்டோபர் மூன்றாம் வாரத்துக்குள் கம்பெனிக்கு 100,000 பை தேவைப்பட்டது. வந்தது 45,000. முறுக்கு சுடுவதற்கு ஆள் இருந்தார்கள், மாவும் இருந்தது, போட்டு அடைக்கப் பைதான் இல்லை. தீபாவளிக்கு அப்புறமும் லோரி வாரம் தவறாமல் வந்தது. ஆண்டு முடிவில் ஐம்பதாயிரத்துக்கு மேல் பை ஸ்டோரில் தேங்கிப் போனது.

அந்த 180,000 சரியான கணிப்புதான். வாரக் கணக்கு இல்லாததால் கெட்டது. பை சப்ளையர் தவுக்கேயிடம் தம்பி சத்தம் போட்டபோது, "ஆகஸ்டிலேயே சொல்லியிருந்தால் செப்டம்பரில் அச்சடித்து வைத்திருப்பேனே" என்றார் அவர். நியாயமான பேச்சு. பிலிம் வந்து சேரவே வாரக்கணக்காகும். அப்புறம் அச்சடித்து, அடுக்கு ஒட்டி, பசை இறுகக் காத்திருந்து, வெட்டிப் பையாக்க வேண்டும். கடைசி நேரத்தில் இதில் எதையும் விரட்ட முடியாது.

ஆகவே அட்டவணையில் ஒவ்வொரு அளவுப் பைக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். எந்தத் தேதியில் பை உங்கள் ஸ்டோருக்கு வர வேண்டுமோ அந்தத் தேதியின் கீழ் எண்ணை எழுதுங்கள். முறுக்கு விற்கும் தேதியை எழுதினால் எல்லாம் பிந்திவிடும்.

இன்னொன்று. போன ஆண்டின் மாதக் கணக்கை எடுத்து, மேலே விழுக்காடு ஏற்றி அனுப்பாதீர்கள். 2024இல் தீபாவளி அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. அக்டோபர் 20 என்றால் பை முழுவதும் செப்டம்பரில் வேண்டும், அதாவது முந்திய காலாண்டில். கூடுதல் தேவை எந்தக் காலாண்டில் விழுகிறது என்பதையே தீபாவளித் தேதி மாற்றிவிடும்.

எதற்குப் பொறுப்பேற்கிறோம் என்று சொல்லாமல் விடுவது

எண்ணைக் கூட்டிச் சொன்னால் சப்ளையர் சொந்தப் பணத்தைப் போட்டுப் பொருள் வாங்குகிறார். விற்பனை படுத்தால் அந்தப் பொருள் யாருடையது? இதை முன்கூட்டியே மூன்றாகப் பிரித்து எழுதிக்கொள்வது நல்லது. முதல் நான்கு வாரத்துக்கு பி.ஓ. என்ற கொள்முதல் ஆணை உண்டு, அச்சடிக்கலாம், எடுத்துக்கொள்வது நம் கடமை. அடுத்த நான்கு வாரத்துக்கு வெறும் பிலிம் மட்டும் வாங்கலாம், விற்பனை குறைந்தால் அந்தப் பிலிமுக்கு மட்டும் நாம் பொறுப்பு. மிச்ச வாரங்கள் மிஷின் நேரத்தைத் திட்டமிட மட்டுமே.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெறும் பிலிமை அவர் வேறு வாடிக்கையாளருக்கும் ஓட்டிவிடலாம். நம் பெயர் அச்சானதை வேறு யாரும் வாங்க மாட்டார்கள். லேபிளில் ஒரு வரி மாறினாலும் அது நமக்கே குப்பைதான். வாரங்களின் எண்ணிக்கையை அவருடைய லீட் டைமைக் கேட்டு வையுங்கள். பிலிம் வர ஆறு வாரம் என்றால் நான்கு வாரம் போதாது.

பயத்தில் கூட்டிச் சொல்வது

இருமுறை செய்தால் மூன்றாம் முறை சப்ளையரே குறைத்துக்கொள்வார், உண்மையான எண்ணையும் சேர்த்து.

கையிருப்பைக் கழிக்காமல் அனுப்புவது

ஸ்டோரில் இருக்கும் பை, வர வேண்டிய பழைய பி.ஓ. இரண்டையும் கழித்து, கிழிந்து வீணாவதைச் சேர்த்து அனுப்புங்கள்.

அனுப்பியதோடு விட்டுவிடுவது

"சரி, கிடைத்தது" என்ற பதில் போதாது. எந்த வாரம் எத்தனை பை தர முடியும் என்று அவருடைய எண்ணை உங்கள் எண்ணுக்குக் கீழே எழுதி வாங்குங்கள். 30,000 கேட்ட வாரத்தில் அவர் 22,000 என்று எழுதினால், அந்த 8,000ஐ முந்திய வாரங்களுக்குத் தள்ள இன்னும் நேரம் இருக்கும். பிறகு மாதம் ஒருமுறை புதிய தேதி போட்டு அட்டவணையை மறுபடி அனுப்பி, மாறிய கட்டங்களுக்கு மட்டும் நிறம் தீட்டிவிடுங்கள்.