பத்துமலைக்கு நடந்து போய்ப் பால்குடம்: வேண்டும்போதும் செலுத்தும்போதும் நடக்கும் தவறுகள்

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து பத்து ஆராங், ரவாங் வழியாகப் பத்துமலைக்கு நடந்தால் 40 கிலோமீட்டரைத் தாண்டும். இந்த எஸ்டேட் பக்கத்து ஆட்கள் காலுக்கும் தண்ணீருக்கும் நன்றாகவே தயாராகிறார்கள். பலர் தடுமாறுவது வேண்டிக்கொண்ட அன்றைக்கே, வாய்விட்டுச் சொன்ன சொல்லில்தான்.

பிள்ளைக்கு டிங்கிக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். வார்டுக்கு வெளியே நிற்கும் தாய், "முருகா, பிள்ளையைக் காப்பாத்து, வருஷா வருஷம் வெறுங்காலோட நடந்து வந்து பால்குடம் எடுக்கிறேன்" என்கிறார். பிள்ளை பிழைத்துவிடுகிறது. இனி இந்த வாக்குக்கு முடிவே இல்லை. வேலை மாறினாலும் முட்டி தேய்ந்தாலும் கடன் நிற்கிறது. வெறுங்காலோடு என்று சொன்னதால், காலை பத்து மணிக்கு மேல் தார் ரோட்டில் பாதம் கொப்பளித்துப் பாதி வழியிலேயே வேன் ஏற வேண்டியும் வரலாம். யார், எங்கே, எப்போது, எதை, எத்தனை தடவை என்று ஐந்தையும் சொல்லி வேண்டுவது நல்லது: "பிள்ளை குணமாகி வீடு வந்தால், வர்ற தைப்பூசத்துக்கு நான் பத்துமலைக்கு நடந்து வந்து ஒரே ஒரு தடவை ஒரு பால்குடம் எடுக்கிறேன்." வெறுங்கால் ஆசை இருந்தால் மலையடிவாரத்திலிருந்து என்று சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளையை நடக்க வைக்கிறேன், கணவரைக் காவடி தூக்க வைக்கிறேன் என்று அடுத்தவர் உடம்பை வைத்து வேண்டுவதைத் தவிருங்கள். பின்னால் வீட்டுச் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி மேடையில் வைக்கும்போது, வேண்டிய வாக்கியத்தைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி முடிச்சுக்குள் வைத்துவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்து, மூன்று குடமா ஒரு குடமா என்று மாமியாரும் மருமகளும் வாதாட வேண்டியிருக்காது. முடிவில்லாத வாக்கை ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் கோயில் குருக்களிடம் சொல்லி, ஓர் அர்ச்சனை செய்து, இத்தனை வருஷம் என்று எண்ணிக்கை வைத்துக்கொள்ளலாம். அதில் குற்றம் ஒன்றுமில்லை என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள்.

விரதக் கணக்கும் வழுக்கும் இடம். ஒரு மண்டலம் 48 நாள். அதைப் பூசத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும், பூச நாளையும் சேர்த்து. 2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1. அப்படியானால் விரதம் தொடங்கும் நாள் 2025 டிசம்பர் 16. ஆங்கிலப் புத்தாண்டு கழித்து ஆரம்பித்துவிட்டு 48 நாள் என்று சொல்லிக்கொள்வது அந்த வருஷம் ஒத்துவராது. முடியாதவர் 21 நாளோ 7 நாளோ இருக்கலாம், ஆனால் அதை வேண்டும்போதே சொல்லிவிட வேண்டும். இடையில் வீட்டில் சாவு விழுந்து தீட்டு வந்தால் குடத்தைத் தள்ளிவைக்கலாம். பங்குனி உத்திரத்திலோ அடுத்த வருஷமோ செலுத்துவது வழக்கத்தில் உண்டு.

பால்தான் அதிகம் கெடும் விஷயம். வீட்டிலேயே குடத்தை நிரப்பிக்கொண்டு நடந்தால் அது மலையைச் சேரும்போது பாலாக இருக்காது. நம்மூர் வெயிலில் காய்ச்சாத பாலில் கிருமி பெருகிப் புளிப்பு ஏறும், சில மணி நேரத்தில் திரிந்துவிடும். குடத்தின் உள்சுவரில் பொடிப்பொடியாகத் திப்பி ஒட்டினாலோ புளித்த வாடை வந்தாலோ அந்தப் பால் அபிஷேகத்துக்கு ஆகாது. ஈயம் பூசாத பித்தளைக் குடமாக இருந்தால் புளித்த பால் உலோகத்தையும் அரிக்கும், பால் லேசாகப் பச்சை தட்டும். அதனால் நடக்கும்போது வெறுங்குடம் போதும். பாலை ஐஸ் பெட்டியில் போட்டுப் பின்னால் வரும் வண்டியில் அனுப்புங்கள். கடையில் குளிரூட்டாமல் விற்கும் UHT பெட்டிப் பால் என்றால், பிரிக்காத வரை காலாவதித் தேதிக்குள் கெடாது. ஆற்றில் குளித்து, பூசை போட்டு, வரிசையில் நிற்கப்போகும் நேரத்தில்தான் ஊற்ற வேண்டும்.

விளிம்புவரை ஊற்றாதீர்கள். இரண்டு லிட்டர் குடத்துக்கு ஒன்றரை லிட்டர் போதும். மேலே 272 படி இருக்கிறது, நெரிசலில் ஓர் இடி பட்டாலே தளும்பும். வாயில் வாழையிலை வைத்து, அதன் மேல் மஞ்சள் துணியைக் கழுத்தோடு இறுக்கிக் கட்டினால் சிந்தாது.

மேலே குடத்தைக் கோயில் ஆட்களிடம் கொடுத்து அபிஷேகம் பார்த்ததோடு எல்லாம் முடிந்தது என்று பலர் இறங்கிவிடுகிறார்கள். முடிந்து வைத்த காசு வீட்டிலேயே கிடக்கும். அதை நடைக்குக் கிளம்பும்போதே இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள், பத்துமலைக்கு நேர்ந்ததை அங்கேயே உண்டியலில் போட வேண்டும், ஊர் மாரியம்மன் கோயில் உண்டியலில் அல்ல. காப்பு கட்டியவர்கள் அதை அவிழ்க்கும்வரை விரதம் முடிவதில்லை. பல குடும்பங்களில் மூன்றாம் நாள் இடும்பன் பூசை போட்ட பிறகுதான் வீட்டில் கவிச்சி சமைப்பார்கள். பூசத்தன்று ராத்திரி திரும்பும் வழியிலேயே கோழிக் கடையில் வேன் நிறுத்துபவர்கள், தங்கள் வீட்டு வழக்கம் என்னவென்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.