மைப் பஞ்சு நிரம்பிவிட்டதா? கணக்கை மட்டும் அழித்துவிட்டு வராதீர்கள்

கொக்குவிலில் ரியூசன் நடத்தும் ஒரு ரீச்சரின் எப்சன் எல்3110 பிரிண்டர், மாதிரி வினாத்தாள் அடித்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. விளக்குகள் மாறி மாறி மின்னின. கணினித் திரையில் "ink pad is at the end of its service life", அதாவது மைப் பஞ்சின் ஆயுள் முடிந்துவிட்டது என்று வந்தது. கடையில் கொடுத்தார், ரீசெற் செய்து உடனேயே திருப்பித் தந்தார்கள். பஞ்சை யாரும் தொடவில்லை. சில மாதங்களில் பிரிண்டருக்கு அடியில் மை கசிந்து, மேசையில் இருந்த விடைத்தாள்கள் ஊறிப்போயின.

இதுதான் பலரும் விடும் தவறு. மை தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங் நடக்கும் ஒவ்வொரு முறையும் பிரிண்டர் கொஞ்சம் மையை உறிஞ்சி, ஒரு சிறு குழாய் வழியாக உள்ளே இருக்கும் பஞ்சில் விடுகிறது. பஞ்சு எவ்வளவு ஈரம் என்று அது பார்ப்பதில்லை. எத்தனை முறை, எவ்வளவு மை விட்டோம் என்று கணக்கு மட்டும் வைத்திருக்கும். எல்லை வந்ததும் நின்றுவிடும். ரீசெற் அந்தக் கணக்கைத்தான் பூச்சியமாக்கும். கசிவதற்குக் கொஞ்சம் முன்னரே எல்லையை வைத்திருப்பதால், ரீசெற் செய்தபின் சில காலம் எல்லாம் சரி போலத் தெரியும். ஏமாற்றுவது அந்தச் சில காலம்தான்.

உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் நீங்கள் கழற்ற வேண்டாம், அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையத்துக்கே கொடுங்கள். முடிந்திருந்தால், பஞ்சையும் மாற்றித் தருவார்களா என்று கடையில் முதலே கேளுங்கள். மாற்றியதாகச் சொன்னால் பழைய பஞ்சைக் காட்டச் சொல்லுங்கள். கறுத்து, கனத்து இருக்கும்.

புதுப் பஞ்சு கிடைக்காவிட்டால் பழையதைக் கழுவலாம். கையுறை போட்டு, துண்டுகள் இருந்த ஒழுங்கைப் போனில் படமெடுத்துவிட்டுக் கழற்றுங்கள். தண்ணீர் தெளியும்வரை வாளியில் மாற்றி மாற்றி அலசி, வெயிலில் முழுதாகக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் அவ்வளவுக்கு மை கொள்ளாது. திரும்பப் பூட்டும்போது குழாய் நெரிபடாமல், அதன் வாய் பஞ்சுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ரீசெற் அதற்குப் பிறகுதான்.

அந்த ரீசெற்றுக்காக, அன்ரிவைரஸை நிறுத்தச் சொல்லும் இலவச மென்பொருளை இறக்காதீர்கள். அவற்றில் பல வைரஸோடுதான் வருகின்றன.

இன்னொன்று, சுவர் சுவிட்சில் நிற்பாட்டும் பழக்கம். பிரிண்டரின் பொத்தானால் நிறுத்தினால்தான் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காரும். இல்லாவிட்டால் மை காய்ந்து, கிளீனிங் கூடி, பஞ்சு கெதியாக நிரம்பும்.

கனனில் இதே பிழை 5B00 என்று வரும். புதிதாக வாங்குவதென்றால், கழிவு மைப் பெட்டியை நாமே மாற்றக்கூடிய மாதிரியா என்று கேளுங்கள். கனன் ஜி3020 அப்படிப்பட்டது. நிரம்பியதும் பெட்டியைக் கழற்றிப் புதியதைப் போட்டால் போதும், ரீசெற் தேவையில்லை.