ராமேஸ்வரத்தில் முதியவர்களுடன் தங்குவதற்கு ஹோம்ஸ்டேயா, விடுதியா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெற்றோரை ராமேஸ்வரத்திற்கு அழைத்துச் செல்லும் நண்பர்கள் தங்குமிடம் பற்றிக் கேட்கும்போது, ஆண்டுகளுக்கு முன் நான் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “ஏழு பேர் படுக்க இடம் இருக்கிறதா?” சீசனில் முன்பதிவு செய்யாமல் போவது போன்ற, எல்லோருக்கும் தெரிந்த பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

படுக்கையை எண்ணி, கழிப்பறையை எண்ணாமல் விடுவது

இந்தத் தவற்றை யாராவது செய்வதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. எங்கள் குழுவில் அப்பாவுக்கு வயது 79, அம்மாவுக்கு 73, சர்க்கரை நோயுள்ள அத்தைக்கு 76. இவர்களோடு நாங்கள் இருவரும் இரண்டு பிள்ளைகளும். கோயிலுக்கு அருகே ஒரு ஹோம்ஸ்டே, முழு வீடும் ஓர் இரவுக்கு 4,000 ரூபாய். விடுதியில் மூன்று அறைகளுக்கு 6,000 ரூபாய். இரண்டு இரவுகளுக்கு 4,000 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்டு வீட்டை எடுத்தேன். அந்த வீட்டில் ஒரே ஒரு கழிப்பறைதான் இருந்தது. அதுவும் கொல்லைப்புறத்தில், தரையோடு பதித்த இந்திய வகை.

ராமேஸ்வரத்தில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அக்னி தீர்த்தக் கடலில் மூழ்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக நீராடி முடிக்கும்போது குடும்பம் முழுவதும் ஒரே நேரத்தில் நனைந்து நிற்கும். ஈர உடையுடன் மூலவர் சன்னிதிக்குள் அனுமதி இல்லை. ஆகவே உடை மாற்றிக்கொண்டுதான் தரிசனத்திற்குப் போக வேண்டும். முதியவர்களுக்கு அந்த நேரத்தில் கழிப்பறையும் உடனே தேவைப்படும். முதியவர் ஒருவருக்குக் கால் மணி நேரம், மற்றவர்களுக்கு எட்டு நிமிடம் என்று வைத்தாலும், ஒரே கழிப்பறையில் ஏழு பேருக்கும் 77 நிமிடங்கள் ஆகும். மூன்று அறைகள் இருந்தால் அரை மணிக்குள் எல்லோரும் தயாராகிவிடலாம்.

அன்று அத்தை ஈரப் புடவையுடன் பிளாஸ்டிக் நாற்காலியில் நடுங்கிக்கொண்டு காத்திருந்தார். காலையில் எதுவும் சாப்பிடாததால் அவருக்குச் சர்க்கரை இறங்கிக் கை வியர்க்கத் தொடங்கியது. முழங்கால் வலியுள்ள அம்மா குந்தி உட்கார முடியாமல் என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். எல்லோரும் தயாராவதற்குள் மதியம் நடை சாத்திவிட்டார்கள். அன்று மாலையே விடுதியில் 4,000 ரூபாய்க்கு இரண்டு அறைகள் எடுத்து முதியவர்களை அங்கே மாற்றினோம். வீட்டுக்காரர் இரண்டாம் இரவுக்கான பணத்தைத் திருப்பித் தரவில்லை. கடைசியில் நாங்கள் செலவழித்தது 12,000 ரூபாய். முதலிலேயே விடுதியில் தங்கியிருந்தாலும் அதே தொகைதான்.

ஆகவே வீட்டை எடுப்பதற்கு முன் உரிமையாளரை வீடியோ அழைப்பில் வரச் சொல்லி, தெருவாசலில் தொடங்கி முதியவர் படுக்கும் கட்டில், அங்கிருந்து கழிப்பறை வரை கேமராவை நிறுத்தாமல் நடந்து காட்டச் சொல்லுங்கள். அனுப்பி வைக்கும் புகைப்படங்களில் கூடம் அழகாக இருக்கும். வாசற்படியின் உயரமும் ஈரத் தரையின் வழவழப்பும் அவற்றில் தெரிவதில்லை. மூன்று முதியவர்கள் இருந்தால் குறைந்தது இரண்டு வெஸ்டர்ன் டாய்லெட்டாவது தரைத்தளத்திலேயே இருக்க வேண்டும். உட்கார்ந்து எழும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடியோ, உறுதியான சுவரோ பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

“மாடியில்தான், பத்தே படி”

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

விடுதியில் முதியவர்களைத் தனி அறையில் விடுவது

விடுதி எடுத்தவர்கள் செய்யும் தவறு இது. பெற்றோருக்கு ஓர் அறை, நமக்கு வேறு தளத்தில் ஓர் அறை என்று பிரித்துவிட்டால், புதிய இடத்தில் நள்ளிரவில் இருட்டில் எழுந்து தடுமாறும் அப்பாவின் சத்தம் நமக்குக் கேட்காது. ஒரே தளத்தில் அடுத்தடுத்த அறைகளைக் கேளுங்கள். பெரியவர்களின் அறையில் வீட்டார் ஒருவர் கூடவே படுத்துக்கொள்ளட்டும். லிஃப்ட் இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், மின்சாரம் போனால் அது ஜெனரேட்டரில் ஓடுமா என்றும் கேளுங்கள்.

அறை கிடைக்கும் நேரத்தைக் கேட்காமல் விடுவது

சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்தால் அதிகாலையிலேயே இறங்கிவிடுவோம். பல விடுதிகள் நண்பகலில்தான் அறை தரும். வந்திறங்கும் நேரத்தைச் சொல்லி, அப்போதே அறை கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்; கிடைக்காது என்றால் முந்தைய இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிடுவது முதியவர்களுக்கு நல்லது.

சமையலறைக்காக மட்டும் வீடு எடுப்பது

ஓரிரு இரவுக்கு அது தேவையில்லை. மூன்று இரவுகளுக்கு மேல் தங்குவதாக இருந்து, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்திற்கும் ஏற்பக் காலை ஆறு மணிக்கே இட்லியோ கஞ்சியோ வேண்டும் என்றால், வீடே நல்லது. எல்லோரும் ஒரே கூடத்தில் இருப்பதால் பெரியவர்களைக் கவனித்துக்கொள்வதும் எளிது. எங்கள் அடுத்த பயணத்தில் நான்கு இரவுகளுக்குத் தரைத்தளத்தில் இரண்டு கழிப்பறைகள் உள்ள வீட்டை எடுத்தோம். தீர்த்தமாடக் கிளம்பும் முன் அத்தை கஞ்சி குடித்தார். நீராடி முடித்து உடை மாற்றி, நடை சாத்துவதற்கு வெகு நேரம் முன்பே சன்னிதியில் நின்றோம்.