ஆகஸ்ட்டில் பத்து லட்சம், பிப்ரவரியில் பற்றாக்குறை: சீசன் தொழிலுக்கு ரொக்க பட்ஜெட் போடும் முறை

ஈரோட்டில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் ஒரு அண்ணனுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். ஒரு பிப்ரவரி மாதம் பாஸ்புக்கோடு வந்து உட்கார்ந்தார். "ஆகஸ்ட்ல அக்கவுண்ட்ல பத்து லட்சத்துக்கு மேல இருந்துச்சு தம்பி. இப்ப துணிக்காரருக்குச் செக் எழுதப் பயமா இருக்கு. வருஷக் கணக்குல லாபம்தானே காட்டுறீங்க, அது எங்க போச்சு?" என்று கேட்டார்.

லாபம் எங்கேயும் போகவில்லை. துணிக்குப் பணம் ஜனவரியிலிருந்தே வெளியே போகிறது, சீருடைக்குப் பணம் மே, ஜூனில்தான் உள்ளே வருகிறது. இடையில் உள்ள நான்கைந்து மாதம் எவ்வளவு ஆழம் என்பதை லாப நட்டக் கணக்கு சொல்லாது. அதைச் சொல்வது ரொக்க பட்ஜெட். அன்று அவருக்குப் போட்டுக் காட்டியதையே எண்களைக் கொஞ்சம் எளிதாக்கி இங்கே தருகிறேன். தொகைகள் எல்லாம் ஆயிரம் ரூபாயில். 1,120 என்றால் 11 லட்சத்து 20 ஆயிரம்.

படி 1: விற்பனையை மாதவாரியாகப் பிரியுங்கள்

ஒரு செட் (சட்டையும் பேன்ட்டும்) சராசரியாக 700 ரூபாய். சீசனுக்கு 4,000 செட். மொத்தம் 28 லட்சம். ஏப்ரலில் 400 செட், மே மாதம் 1,600, ஜூனில் 1,600, மறுபடி அளவு சரியில்லாதவர்களும் புதிதாகச் சேர்ந்தவர்களும் வாங்குவதில் ஜூலையில் 400. பில் தொகை வரிசையாக 280, 1,120, 1,120, 280.

இதை உத்தேசமாகப் பிரிக்க வேண்டாம். போன இரண்டு வருட பில் புத்தகத்தை எடுத்து மாதவாரியாகக் கூட்டினாலே பங்கு தெரிந்துவிடும்.

படி 2: பில் போட்ட மாதமும் பணம் வந்த மாதமும் வேறு

புதிதாக பட்ஜெட் போடுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. பில் போட்ட மாதத்திலேயே பணம் வந்துவிட்டதாக எழுதிவிடுவார்கள்.

இவருடைய விற்பனையில் பாதி, பெற்றோர் நேரில் வந்து வாங்குவது. அது உடனே ரொக்கமாகவோ ஜி-பே வழியாகவோ வந்துவிடும். மறு பாதி பள்ளிகள் மொத்தமாக எடுப்பது. பள்ளிகள் ஒரே தவணையில் தருவதில்லை. பேரேட்டில் ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே பணம் வந்த தேதியை எழுதிப் பார்த்தோம். ஏறக்குறைய ஒரு வடிவம் கிடைத்தது: மொத்த விற்பனையில் 50 சதவீதம் அதே மாதம், 30 சதவீதம் அடுத்த மாதம், 20 சதவீதம் அதற்கும் அடுத்த மாதம்.

ஜூன் மாத வரவை இப்படிப் பிடிக்கலாம். ஜூன் விற்பனையில் பாதி 560. மே விற்பனையில் 30 சதவீதம் 336. ஏப்ரல் விற்பனையில் 20 சதவீதம் 56. ஆக 952. ஷீட்டில் B நெடுவரிசை ஜனவரி, இரண்டாம் வரிசை விற்பனை என்று வைத்தால், ஜூனுக்கான கட்டம் இது:

```
=0.5*G2+0.3*F2+0.2*E2
```

இதை வலப்பக்கம் இழுத்தால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் தானாக வரும். கடைசியில் வரவு வரிசையைக் கூட்டிப் பாருங்கள். விற்பனையின் மொத்தமான 2,800 வரவேண்டும். குறைந்தால் ஏதோ ஒரு மாதத்தின் வால் விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் செப்டம்பரில் வரும் அந்தக் கடைசி 56-ஐத்தான் மறப்போம்.

படி 3: செலவு அல்ல, பணம் கைமாறும் தேதி

துணி ஒரு செட்டுக்கு 300 ரூபாய், மொத்தம் 12 லட்சம். ஜனவரியில் 400, பிப்ரவரியில் 600, மார்ச்சில் 200 என்று எடுக்கிறார். எடுக்கும்போது 40 சதவீதம், மீதி அடுத்த மாதம். அப்படியானால் துணிக்கு வெளியே போகும் பணம்: ஜனவரி 160, பிப்ரவரி 480, மார்ச் 440, ஏப்ரல் 120.

தையல் கூலி செட்டுக்கு 120 ரூபாய். இதில் கடன் என்ற பேச்சே இல்லை, சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். பிப்ரவரியிலிருந்து மே வரை 96, 144, 144, 96. பட்டன், லேபிள், பேக்கிங் கவருக்கு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் 50, 50.

வாடகை, கரண்ட் பில், கட்டிங் மாஸ்டர் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 40. வீட்டுச் செலவுக்கு எடுப்பது 25. இந்த 25-ஐப் பலர் எழுதுவதே இல்லை. தொழில் செலவு இல்லைதான், ஆனால் அதே அக்கவுண்ட்டிலிருந்துதானே போகிறது? அதேபோல் மெஷினுக்கு இஎம்ஐ கட்டினால் அசலும் வட்டியும் முழுதாக இங்கே வரவேண்டும். தேய்மானம் வரக்கூடாது, அதற்காக யாருக்கும் காசு கொடுப்பதில்லை.

படி 4: மாதம் மாதமாக இறக்குங்கள்

ஆரம்ப இருப்போடு வரவைக் கூட்டி, கொடுத்ததைக் கழித்தால் இறுதி இருப்பு. அதுவே அடுத்த மாதத்தின் ஆரம்ப இருப்பு. ஜனவரி 1 அன்று கையில் 6 லட்சம்.

| மாதம் | ஆரம்பம் | வரவு | கொடுத்தது | இறுதி |
|---|---|---|---|---|
| ஜனவரி | 600 | 0 | 225 | 375 |
| பிப்ரவரி | 375 | 0 | 691 | -316 |
| மார்ச் | -316 | 0 | 699 | -1,015 |
| ஏப்ரல் | -1,015 | 140 | 329 | -1,204 |
| மே | -1,204 | 644 | 161 | -721 |
| ஜூன் | -721 | 952 | 65 | 166 |
| ஜூலை | 166 | 700 | 65 | 801 |
| ஆகஸ்ட் | 801 | 308 | 65 | 1,044 |
| செப்டம்பர் | 1,044 | 56 | 65 | 1,035 |

அதற்குப் பிறகு வரவு கிடையாது. மாதம் 65 போய், டிசம்பர் கடைசியில் 840 நிற்கும். 600-இல் தொடங்கி 840-இல் முடிந்தால் 2 லட்சத்து 40 ஆயிரம் கூடியிருக்கிறது. லாபம் உண்மைதான். ஆனால் அதே வருடத்தின் ஏப்ரலில் 12 லட்சத்து 4 ஆயிரம் குறைகிறது. அண்ணன் அந்த ஏப்ரல் வரியை விரலால் தொட்டபடி கொஞ்ச நேரம் பேசவில்லை.

படி 5: பள்ளத்தின் உண்மையான ஆழம்

அட்டவணையில் உள்ளது மாதக் கடைசி இருப்பு. மாதத்தின் நடுவே இன்னும் கீழே போகலாம். மே முதல் வாரத்தையே பாருங்கள். வாடகையும் சம்பளமும் வீட்டுச் செலவும் 65, சனிக்கிழமைக் கூலி 24. கூட்டம் சூடு பிடிப்பதோ மாதப் பிற்பாதியில். அப்போது பள்ளம் 1,290-ஐத் தொட்டுவிடும். அதனால் மிக மோசமான இரண்டு மாதங்களை மட்டும் வாரவாரியாகப் பிரித்து எழுதுங்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் அது தேவையில்லை.

அப்புறம் ஜிஎஸ்டி. மேலே உள்ள எண்கள் வரி சேர்க்காதவை. துணிக்கு 5 சதவீதம் என்றால் 12 லட்சத்துக்கு 60 ஆயிரம், ஏப்ரலுக்குள் மில்காரரிடம் கொடுத்துவிடுகிறோம். விற்பனையில் வசூலிக்கும் வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் விற்பனை பெரிதாக வருவது மே மாதத்தில்தான். எனவே ஏப்ரல் பள்ளம் இன்னும் அரை லட்சம் ஆழமாகும். இன்னொன்று: மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர்கள் ஜூன் பில்லுக்கான வரியை ஜூலை 20-க்குள் கட்ட வேண்டும். பள்ளி பணம் கொடுத்ததா இல்லையா என்பது அங்கே கணக்கில் வராது.

இரண்டையும் சேர்த்து, வங்கியில் 13.5 லட்சம் ரொக்கக் கடன் வரம்பு கேட்கச் சொன்னேன். 11 சதவீத வட்டி என்று வைத்தால், பிப்ரவரி முதல் மே வரையிலான மாதக் கடைசிப் பற்றாக்குறைகளுக்கு வட்டி சுமார் 30 ஆயிரம். அதையும் செலுத்தும் வரிசையில் சேர்க்க வேண்டும்.

படி 6: தேதிகளை நகர்த்திப் பாருங்கள்

கடன் வாங்குமுன் இதைச் செய்துவிடுங்கள். துணிக்காரரிடம் மீதி 60 சதவீதத்துக்கு ஒரு மாதம் கூடுதல் தவணை கேட்கலாமா என்று அண்ணன் கேட்டார். போட்டுப் பார்த்தோம். பிப்ரவரி பற்றாக்குறை 316-இலிருந்து 76-க்கு வந்துவிட்டது, முகம் மலர்ந்தது. ஆனால் ஏப்ரலில் 1,204 என்பது 1,084 ஆனதோடு சரி. பிப்ரவரியில் எடுத்த துணிக்கான பெரிய தொகை நகர்ந்து ஏப்ரலிலேயே வந்து விழுகிறது. பள்ளத்தைத் தாண்டிப் போகாத தவணை, பள்ளத்தைக் குறைக்காது.

பள்ளிகளிடம் முன்பணம் வாங்குவது அப்படியில்லை. பள்ளிகளின் பங்கு 14 லட்சம். அதில் 30 சதவீதம் மார்ச்சில் வந்தால் 420. ஏப்ரல் பள்ளம் 784-ஆகச் சுருங்குகிறது. எல்லாப் பள்ளியும் தராது. இரண்டு பள்ளி தந்தாலும் எவ்வளவு குறையும் என்று ஷீட்டில் உடனே பார்க்கலாம். முன்பணம் வாங்கிய பள்ளியின் பிந்தைய வரவில் அதே தொகையைக் கழிக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் ஒரே பணம் இரண்டு முறை வந்ததாகிவிடும்.

கெட்ட பக்கத்தையும் பாருங்கள். பள்ளிகள் எல்லாமே ஒரு மாதம் தாமதித்தால், ஏப்ரல் மாறாது, ஆனால் ஜூன் கடைசியில் 166 கையிருப்புக்குப் பதில் 226 பற்றாக்குறை. ஜூலையில்தான் கடன் அடையும். ஆகவே வங்கியில் "ஜூனில் அடைத்துவிடுவேன்" என்று சொல்லக்கூடாது. பள்ளி திறப்பும் நம் கையில் இல்லை. வெயிலால் 2023-இல் ஜூன் 12-க்கும் 14-க்கும் தள்ளிப்போனது, 2024-இல் ஜூன் 6 என்று இருந்தது 10 ஆனது. நாலு நாள் தள்ளினாலும் கடைசி நேரம் வாங்குபவர்களின் காசு அத்தனை நாள் தள்ளித்தான் வரும்.

படி 7: நடந்ததைப் பக்கத்திலேயே எழுதுங்கள்

ஒவ்வொரு மாதத்துக்கும் பட்ஜெட் நெடுவரிசைக்குப் பக்கத்தில் நடந்தது என்று ஒன்று. மாத முதல் வாரத்தில் வங்கி இருப்போடு ஒப்பிட்டு நிரப்பி, உண்மையான இறுதி இருப்பிலிருந்து மீதி மாதங்களை மறுபடி ஓட்டுங்கள். ஜூன் வரவு 952-க்குப் பதில் 800 வந்தால், விற்பனை குறைந்ததா, வசூல் தாமதமா என்று பிரித்துப் பாருங்கள். தாமதம் என்றால் அந்த 152 ஜூலையில் ஏற வேண்டும். விற்பனையே குறைந்தது என்றால் ஜூலையும் ஆகஸ்ட்டும் சேர்ந்தே குறையும்.

அதற்கடுத்த ஆகஸ்ட்டில் அண்ணன் மறுபடி வந்தார். அக்கவுண்ட்டில் பத்து லட்சத்துக்கு மேல். இரண்டு லட்சத்துக்கு மெஷின் வாங்கலாமா என்று கேட்டார். ஷீட்டை அடுத்த ஏப்ரல் வரை இழுத்தோம். அதே அளவு வியாபாரம் என்றால், 840-இல் தொடங்கும் வருடத்தில் ஏப்ரல் பற்றாக்குறை 964. மெஷின் வாங்கினால் 1,164. வங்கி வரம்புக்குள் அடங்கும், ஆனால் ஒட்டி நிற்கும். ஜூலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஐந்து லட்சத்தைப் பிப்ரவரி முதல் வாரத்தில் முதிர்கிற மாதிரி டெபாசிட் போட்டுவிட்டுப் போனார்.