ஊர் மாறும்போது பென்சன் ஒரு மாதமும் தவறாமல் இருக்க: யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு

ஓய்வுபெற்ற பிறகு பிள்ளையோடு இருக்கலாம் என்று கொழும்புக்கு வருகிறவர்கள் முதலில் போய் நிற்பது வங்கியில்தான். "கிளையை மாத்திவிடுங்கோ" என்று சொல்லிவிட்டால் பென்சனும் மாறிவிடும் என்று நினைக்கிறார்கள். மாறாது. அரச ஓய்வூதியத்தில் இரண்டு வேறு விடயங்கள் இருக்கின்றன. ஒன்று உங்கள் கோப்பு. அது பிரதேச செயலகத்தில் இருக்கிறது. மற்றது பணம் வந்து விழும் வங்கிக் கணக்கு. இரண்டையும் ஒரே மாதத்தில் அசைத்தால் எங்கே தடங்கல் என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் போய்விடும். முதலில் கோப்பு, பிறகு தேவைப்பட்டால் மட்டும் கணக்கு. இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

கோண்டாவிலில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மே மாத நடுவில் வெள்ளவத்தையில் மகளின் தொடர்மாடி வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கோப்பு நல்லூர் பிரதேச செயலகத்தில் இருக்கிறது. பென்சன் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டி அவருடைய யாழ்ப்பாணக் கணக்கில் விழுகிறது.

படி 1: ஊரை விட்டு வர முன்

ஓய்வூதியர் அடையாள அட்டை, ஓய்வூதியம் வழங்கிய கடிதம், தேசிய அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றில் இரண்டிரண்டு போட்டோக்கொப்பி எடுங்கள். கடைசியாகக் கொடுத்த உயிர்வாழ் சான்றிதழின் பிரதி இருந்தால் அதையும் சேருங்கள். ஓய்வூதிய இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். இனி எழுதும் எல்லாக் கடிதத்திலும் அது வேண்டும்.

பிறகு வங்கிப் புத்தகத்தைப் பதிந்து எடுங்கள். மே மாதப் பென்சன் விழுந்த வரி அச்சாகியிருக்க வேண்டும். "கடைசியாக எந்த மாதம் கிடைத்தது" என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்த ஒரு வரிதான்.

படி 2: எந்தப் பிரதேச செயலகம்?

பலரும் தடக்குப்படும் இடம் இது. வெள்ளவத்தை கொழும்பு 6, ஆகவே கொழும்புப் பிரதேச செயலகம் என்று போகிறார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, பாமன்கடை, கிருலப்பனை எல்லாம் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கு உட்பட்டவை. கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, புறக்கோட்டைப் பக்கம்தான் கொழும்புப் பிரதேச செயலகம். தெஹிவளைப் பாலத்தைத் தாண்டி வீடு எடுத்திருந்தால் தெஹிவளைப் பிரதேச செயலகம். காலி வீதியில் சில நூறு மீற்றர் வித்தியாசத்தில் அலுவலகமே மாறிவிடும். தபால் இலக்கத்தை நம்பாமல் வீட்டுக்குரிய கிராம அலுவலர் பிரிவின் பெயரைக் கேளுங்கள். கீழ்த்தளக் காவலாளிக்கோ பக்கத்து வீட்டாருக்கோ அது தெரிந்திருக்கும். அந்தப் பெயர் தெரிந்தால் பிரதேச செயலகம் தானாகத் தெரியும்.

கடிதம் பிழையான அலுவலகத்துக்குப் போனால் யாரும் அதைக் கிழித்துப் போடமாட்டார்கள். ஆனால் சரியான மேசைக்குப் போய்ச் சேர எடுக்கும் நாட்களுக்குள் ஒரு மாதத்துப் பட்டியல் மூடிவிடும்.

படி 3: கிராம அலுவலரிடம் வதிவிடத்தை உறுதிப்படுத்தல்

ஊரில் விதானைக்கு உங்களைத் தெரியும். கொழும்பில் தெரியாது. வாக்காளர் இடாப்பிலும் உங்கள் பெயர் இன்னும் கோண்டாவிலில்தான் இருக்கும். மின்சாரக் கட்டணச் சீட்டு மருமகன் பெயரில், வீட்டு உறுதி இன்னொருவர் பெயரில். ஆகவே தனியே போகாதீர்கள். வீட்டுக்காரராகிய மகளோ மருமகனோ கூட வரட்டும். "இவர் இத்திகதி முதல் எங்களோடு இந்த முகவரியில் வசிக்கிறார்" என்று அவர்கள் கையொப்பமிட்ட கடிதம், அவர்களுடைய அடையாள அட்டைப் பிரதி, கட்டணச் சீட்டு, வாடகை வீடென்றால் ஒப்பந்தப் பிரதி ஆகியவை இருந்தால் வேலை இலகு. வீட்டாரின் பட்டியலில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு உயிர்வாழ் சான்றிதழில் கையொப்பமிடப் போவதும் இதே அலுவலர்தான்.

கிராம அலுவலர்கள் எல்லா நாளும் அலுவலகத்தில் இருப்பதில்லை. கதவில் ஒட்டியிருக்கும் நாட்களைப் பார்த்துவிட்டுப் போங்கள். அவர் தரும் வதிவிடச் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும். அதற்காகத் திம்பிரிகஸ்யாய செயலகத்துக்குப் போகும் நாளிலேயே ஓய்வூதியப் பிரிவையும் கண்டு, "நல்லூரிலிருந்து கோப்பு வரப்போகிறது, வேறு படிவம் ஏதும் வேண்டுமா" என்று கேட்டுவிடுங்கள்.

படி 4: பழைய செயலகத்துக்குக் கடிதம்

கடிதம் நல்லூர் பிரதேச செயலாளருக்கு, பிரதி திம்பிரிகஸ்யாய பிரதேச செயலாளருக்கு. தமிழிலேயே எழுதலாம். நீட்ட வேண்டாம்:

"எனது ஓய்வூதிய இலக்கம் ........ . நான் மே மாதம் 15ஆம் திகதி முதல் கீழ்க்காணும் முகவரியில் நிரந்தரமாக வசிக்கிறேன். எனது ஓய்வூதியக் கோப்பைத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கு மாற்றி உதவுமாறும், கடைசியாகக் கொடுப்பனவு செய்த மாதத்தை அதில் குறிப்பிடுமாறும் வேண்டுகிறேன். எனது வங்கிக் கணக்கில் மாற்றம் இல்லை."

கடைசி வசனத்தை விடவேண்டாம். அது இல்லாவிட்டால் புதிய இடத்தில் "வங்கி விபரம் வரும்வரை" என்று கோப்பு ஓர் ஓரத்தில் கிடக்கலாம். தொலைபேசி இலக்கம் எழுதுங்கள். பிள்ளையின் இலக்கத்தையும் எழுதுங்கள். வதிவிடச் சான்றிதழையும் பிரதிகளையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஊரில் நம்பிக்கையான ஆள் இருந்தால் கையில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குவது அதைவிட நல்லது. மின்னஞ்சல் இதற்குச் சரிவராது. கோப்பில் குத்தப்படும் தாளைத்தான் உத்தியோகத்தர் பார்ப்பார்.

படி 5: மாதம் தவறுவது இங்கேதான்

பழைய செயலகம் உங்கள் பெயரைத் தன் பட்டியலிலிருந்து எடுக்கும். புதிய செயலகம் தன் பட்டியலில் சேர்க்கும். கொடுப்பனவு நாளுக்குச் சில நாட்கள் முன்பே அந்த மாதத்துப் பட்டியல் மூடப்படும். நல்லூர் ஜூலைக்கு முன் பெயரை எடுத்துவிட்டு, கோப்பு கொழும்புக்கு ஜூலைப் பட்டியல் மூடிய பிறகு வந்து சேர்ந்தால் ஜூலையில் உங்களுக்கு எங்கிருந்தும் பணம் வராது. தடுப்பதற்கு இரண்டு தொலைபேசி அழைப்புப் போதும்.

முதல் அழைப்பு நல்லூருக்கு, கடிதம் சேர்ந்த ஒரு கிழமைக்குள்: "எந்த மாதம் வரைக்கும் நீங்கள் பென்சன் போடுறியள்? கோப்பு எண்டைக்கு அனுப்புவியள்?" பதில் சொன்ன விடய உத்தியோகத்தரின் பெயரையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது அழைப்பு திம்பிரிகஸ்யாயவுக்கு: "நல்லூர் ஜூன் வரைக்கும் போடுது. ஜூலைப் பட்டியலில் என் பெயர் ஏறிவிட்டதா?" ஏறவில்லை, பட்டியலும் மூடவில்லை என்றால் கோப்பு எங்கே நிற்கிறது என்று அன்றே தேடலாம். மூடிவிட்டது என்றால் ஜூலைக் கொடுப்பனவு நிலுவையாகச் சேர வேண்டும் என்று ஒரு வரிக் கடிதம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். நிலுவை உங்கள் உரிமைதான், ஆனால் கேட்காமல் தானாக வரும் என்று இருக்க வேண்டாம்.

கொடுப்பனவு நாள் கழிந்து இரண்டு வேலை நாட்களில் கணக்கைப் பாருங்கள். தொகையையும் முந்திய மாதத்தோடு ஒப்பிடுங்கள். சிலவேளை பணம் வந்திருக்கும், ஒரு படியோ கழிவோ விடுபட்டிருக்கும். இரண்டு செயலகத்திலும் பதில் இல்லையென்றால் மாளிகாவத்தையிலுள்ள ஓய்வூதியத் திணைக்களத்துக்கு 1970 என்ற இலக்கத்தில் பேசலாம்.

படி 6: கணக்கை மாற்றத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. யாழ்ப்பாணக் கிளையில் திறந்த கணக்கிலிருந்து வெள்ளவத்தைக் கிளையிலும் பணம் எடுக்கலாம், ஏ.ரி.எம் அட்டையும் வேலை செய்யும். கணக்குப் புத்தகத்தில் கிளையின் பெயர் வேறாக இருப்பதால் ஒரு நட்டமும் இல்லை.

மாற்றியே ஆகவேண்டும் என்றால் புதிய செயலகத்திலிருந்து முதல் பென்சன் பழைய கணக்கில் விழுந்த பிறகு தொடங்குங்கள். புதிய கணக்கு உங்கள் தனிப் பெயரில் இருக்கட்டும். பணம் போய்ச் சேருவது நான்கு இலக்க வங்கிக் குறியீடு, மூன்று இலக்கக் கிளைக் குறியீடு, கணக்கு இலக்கம் என்பவற்றை வைத்துத்தான். இலங்கை வங்கி 7010, மக்கள் வங்கி 7135, தேசிய சேமிப்பு வங்கி 7719. கிளைக் குறியீட்டை வங்கியில் கேட்டு எழுதுங்கள், ஊகிக்க வேண்டாம். அதே வங்கிக்குள் கிளை மாற்றினால் கணக்கு இலக்கமும் மாறுமா என்று கட்டாயம் கேளுங்கள். மாறினால் அது செயலகத்துக்குப் புதிய கணக்குத்தான்.

பழைய கணக்கை மூடும் அவசரம்தான் மிகப் பெரிய பிழை. மூடிய கணக்குக்கு வந்த பணம் திரும்பிப் போய்விடும், அதை மீண்டும் வரவழைக்க எழுத்துவேலை வேண்டும். புதிய கணக்கில் இரண்டு பென்சன் விழும்வரை பழையதில் கொஞ்சக் காசு விட்டு வையுங்கள்.

பென்சனைக் காட்டி வங்கிக் கடன் எடுத்தவர்கள் கணக்கை மாற்ற அந்த வங்கியின் ஆட்சேபனையில்லைக் கடிதம் வேண்டும். கடன் முடியும் மட்டும் கணக்கை அங்கேயே விடுவது சுகம். கோப்பை மாத்திரம் மாற்றலாம்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

அடையாள அட்டை இலக்கம் பொருந்தவில்லை என்கிறார்கள். கோப்பில் V உடன் முடியும் பழைய இலக்கம், வங்கியில் 12 இலக்கப் புதியது. இரண்டும் ஒருவருடையதே. முன்னால் 19, முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு 0, கடைசி V இல்லை. கடிதத்தில் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை கோப்பை மாற்றலாமா? முடிந்தால் தவிருங்கள். உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கும் காலம் அது. பழைய இடத்தில் கொடுத்தது புதிய இடத்தில் பதிவாகாமல் பென்சன் நிறுத்தப்படலாம். தவிர்க்க முடியாவிட்டால் பழைய செயலகத்தில் கொடுத்து முத்திரையிட்ட பிரதியைப் புதிய செயலகத்தில் நீங்களே காட்டுங்கள்.