மிச்ச 40 மில்லியன் எங்கே போகும்? திட்டங்களை வரிசைப்படுத்தும்போது விடுகிற தவறுகள்

வன்னியில் ஒரு குளம். அதன் கட்டில் நின்ற மருதமரத்தின் கீழே கமக்காரர் அமைப்பின் கூட்டம் நடந்தது, நானும் கணக்குப் பார்க்க உதவிக்குப் போயிருந்தேன். திருத்த வேலைக்கு இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, 20 மில்லியன் ரூபாவில் ஒழுகுகிற துருசைப் புதிதாகக் கட்டி, கட்டில் அரித்துப்போன இடங்களை நிரப்பிவிடுவது. மற்றது, 60 மில்லியனில் அதோடு சேர்த்துக் கட்டை 2 அடி உயர்த்தி, மிஞ்சின தண்ணீர் வழிகிற வானையும் உயர்த்தி அகட்டி, கூடுதலாகத் தேங்குகிற தண்ணீரில் சிறுபோகம் செய்வது. வந்திருந்த அதிகாரி முதலாவதைத்தான் அனுப்பப்போவதாகச் சொன்னார், காரணம் அதன் நன்மை-செலவு விகிதம், அதாவது போட்ட ஒரு ரூபாவுக்கு வருகிற நன்மை, அதிகம். பின்னுக்கு இருந்த ஒரு பெரியவர் எழும்பி, "அப்ப மிச்ச 40 மில்லியனும் எங்க போகும் தம்பி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் விகிதத்துக்கும், இன்றைய பெறுமதியில் நன்மையிலிருந்து செலவைக் கழித்த மிச்சமான தேறிய இற்றைப் பெறுமதிக்கும் இடையில் வருகிற சண்டை முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம், எண்களை விளக்கத்துக்காக முழு எண்ணாக்கித் தருகிறேன். சின்ன வேலைக்கு 20 மில்லியன் ரூபா. துருசு சரியானால் வாய்க்காலின் கடைசியில் இருக்கிற 110 ஏக்கர் காலபோகத்தில் கருகாமல் தப்பும், ஏக்கருக்கு 50,000 என்று வைத்தால் வருடத்துக்கு 5.5 மில்லியன். பெரிய வேலைக்கு 60 மில்லியன். அதே 5.5 மில்லியனோடு, சிறுபோகத்தில் கூடுதலாக 85 ஏக்கர் விதைக்கலாம், செலவு போக ஏக்கருக்கு 80,000 மிஞ்சினால் 6.8 மில்லியன், அதில் கூடுதல் பராமரிப்புக்கு 0.3 போக 6.5. ஆக வருடத்துக்கு 12 மில்லியன்.

இந்த நன்மை 20 வருடத்துக்கு வருகிறது என்று வைப்போம். நாளைக்கு வருகிற காசும் இன்றைக்குக் கையில் இருக்கிற காசும் ஒன்றல்ல என்பதால் கழிவு வீதம் போட வேண்டும். ஆசிய அபிவிருத்தி வங்கி பொருளாதார ஆய்வுக்கு நீண்ட காலம் 12 வீதத்தை வைத்திருந்து, 2017இல் வந்த வழிகாட்டியில் 9 வீதத்துக்கு இறக்கியது, நாமும் 9ஐ எடுப்போம். 9 வீதத்தில் 20 வருடத்துக்கு வருடம் ஒரு ரூபா வந்தால் அதன் இன்றைய பெறுமதி 9.13 ரூபா. அப்படிப் பார்த்தால் சின்ன வேலையின் நன்மை 50.2 மில்லியன், பெரிய வேலையினுடையது 109.5 மில்லியன். விகிதம் சின்னதுக்கு 2.51, பெரியதுக்கு 1.83. தேறிய பெறுமதி, அதாவது நன்மையில் செலவைக் கழித்த மிச்சம், சின்னதுக்கு 30.2 மில்லியன், பெரியதுக்கு 49.5 மில்லியன்.

விகிதம் சின்னதைக் காட்டுகிறது, தேறிய பெறுமதி பெரியதைக் காட்டுகிறது. இரண்டில் எதுவும் பிழையாகக் கணக்கிடப்படவில்லை. விகிதம் சொல்வது போட்ட ஒரு ரூபாவுக்கு எவ்வளவு வந்தது என்பதை, தேறிய பெறுமதி சொல்வது ஊருக்கு மொத்தமாக எவ்வளவு மிஞ்சியது என்பதை. சின்ன வேலையில் அள்ளித் தருகிற ஒவ்வொரு ரூபாவும் பெரிய வேலையின் முதல் 20 மில்லியனுக்குள்ளும் அப்படியே இருக்கிறது, அதற்கு மேல் போடுகிற 40 மில்லியன் கொஞ்சம் குறைவாகத் தருவதால் சராசரி இறங்குகிறது, அவ்வளவுதான்.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. ஒரே குளத்தில் ஒன்றைச் செய்தால் மற்றதைச் செய்ய முடியாது என்கிற இரண்டு தெரிவுகளை, 2.51 பெரிதா 1.83 பெரிதா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கூடுதல் 40 மில்லியனை மட்டும். அது வருடத்துக்கு 6.5 மில்லியன் தருகிறது, இன்றைய பெறுமதியில் 59.3 மில்லியன். 40 போட்டு 59.3 வருகிறது, அந்தக் கூடுதல் பகுதியின் விகிதம் 1.48, மிச்சம் 19.3 மில்லியன். காசு தட்டுப்பாடு இல்லையென்றால் 1க்கு மேலே இருக்கிற இந்தப் பகுதியைக் கைவிடுவதற்கு ஒரு நியாயமும் இல்லை, கட்டை உயர்த்த வேண்டியதுதான். கழிவு வீதத்தை மாற்றிப் பார்ப்பதும் இந்தப் பகுதியில்தான் பயன் தரும்: 12 வீதத்தில் மிச்சம் 8.6 மில்லியனாகச் சுருங்கும், 15இல் மயிரிழையில் தப்பும், 16இல் நட்டத்துக்குப் போய்விடும். அந்த நிலையில் இரண்டு அளவுகோலும் சின்ன வேலையையே காட்டும், சண்டையே இருக்காது.

ஆனால் காசுத் தட்டுப்பாடு இருக்கிறதே, நம்மிடம் எப்போது இல்லாமல் இருந்தது என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. மாவட்டத்துக்கு 60 மில்லியன்தான் ஒதுக்கீடு, பக்கத்தில் இன்னும் இரண்டு குளங்கள் துருசு ஒழுகிக்கொண்டு நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் 20 மில்லியன், விகிதம் ஒவ்வொன்றுக்கும் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மூன்று குளத்திலும் சின்ன வேலை செய்தால் ஊர்களுக்கு மொத்தமாக மிஞ்சுவது 30.2, 20, 20, கூட்டினால் 70.2 மில்லியன். ஒரே குளத்தில் பெரிய வேலை செய்தால் 49.5 மட்டும். இங்கே விகிதத்தின்படி வரிசைப்படுத்துவதுதான் சரி. நமது கூடுதல் 40 மில்லியனின் 1.48ஐ 1ஓடு ஒப்பிடக் கூடாது, பக்கத்துக் குளங்களின் 2ஓடு ஒப்பிட வேண்டும். ஆக பெரியவரின் கேள்விக்கு "பக்கத்துக் குளங்களுக்குப் போகும், அங்கே இதைவிடக் கூட விளையும்" என்று காட்ட முடிந்திருந்தால் அதிகாரி சொன்னது நியாயம்.

பதில் "தெரியாது" என்றால், அல்லது "திரும்பிப் போய்விடும்" என்றால், நியாயமில்லை.

திரும்பிப் போவது என்பது இங்கே சும்மா சொல்கிற வார்த்தையல்ல. வரவு செலவுத் திட்டம் டிசம்பரோடு முடிகிறது, அந்த வருடத்தில் செலவாகாத ஒதுக்கீட்டை அடுத்த வருடத்துக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. இதனால் இன்னொரு தவறு வருகிறது, விகிதத்தின்படி மேலிருந்து கீழே இறங்கிக் காசு முடியும்வரை டிக் போட்டுக்கொண்டு வருவது. திட்டங்களைத் துண்டு துண்டாக வெட்ட முடியுமென்றால் இது சரிவரும், ஆனால் பாதித் துருசு கட்ட முடியாதே. அதே 60 மில்லியனையும் நம் குளத்தின் இரண்டு தெரிவுகளையும் எடுங்கள், பக்கத்தில் சின்ன வேலைகள் எதுவும் தயாராக இல்லை, 50 மில்லியனுக்கு 1.9 விகிதத்தில் வேறொரு குளத்து வேலை மட்டும் இருக்கிறது, அதன் மிச்சம் 45 மில்லியன். பட்டியலில் முதலாவது நம் சின்ன வேலை, 2.51. அதற்கு டிக் போட்டதும் கையில் 40, அடுத்தது 50 கேட்கிறது, போதாது. பட்டியலில் கடைசியில் இருக்கிற பெரிய வேலைக்கும் இனி வழியில்லை. வருட முடிவில் 30.2 மில்லியன் நன்மையும், திரும்பிப் போன 40 மில்லியனும். மாறாக, 60க்குள் அடங்குகிற சேர்க்கைகளை எழுதி ஒவ்வொன்றின் தேறிய பெறுமதியையும் கூட்டியிருந்தால், 1.83 என்று பட்டியலின் கடைசியில் கிடந்த பெரிய வேலை 49.5 மில்லியனோடு முதலாவதாக வந்திருக்கும். ஒரு பிரதேசத்தில் பத்துத் திட்டம் இருந்தால்கூட இதை ஒரு பின்னேரத்தில் எக்செல்லில் செய்து முடித்துவிடலாம்.

இனி நான் அதிகம் கண்டு மனம் நொந்த தவறுக்கு வருகிறேன். விகிதம் இரண்டு மனிதர் கையில் இரண்டு எண்ணாக வரும், இருவரும் நேர்மையாகக் கணக்குப் போட்டிருந்தாலும். மேலே சிறுபோகத்தில் ஏக்கருக்கு 80,000 "செலவு போக" என்று எழுதினேன் அல்லவா? விளைச்சலை விற்று 200,000 வருகிறது, உழவு, விதைநெல், பசளை, களைநாசினி, வெட்டுக்கூலி என்று 120,000 போகிறது. நான் அந்த 120,000ஐ நன்மையிலேயே கழித்துவிட்டேன். இன்னொருவர் அதைச் செலவுப் பக்கத்தில் போடுவார். அப்போது 85 ஏக்கருக்கு வருடத்து நன்மை 17 மில்லியன், வருடத்துச் செலவு பராமரிப்போடு 10.5 மில்லியன். இன்றைய பெறுமதியில் நன்மை 155.2, செலவு 40உம் 95.9உம் சேர்ந்து 135.9. விகிதம் 1.14. அதே குளம், அதே தண்ணீர், அதே நெல், 1.48 ஆக இருந்தது 1.14 ஆகிவிட்டது. தேறிய பெறுமதி மட்டும் இரண்டு முறையிலும் 19.3 மில்லியன்தான், அசையவில்லை, ஏனென்றால் கழிப்பதை எந்தப் பக்கத்தில் நின்று கழித்தாலும் மிச்சம் ஒன்றுதான்.

இதில் அநியாயம் என்னவென்றால், இப்படி அடிபடுவது பெரும்பாலும் நீர்ப்பாசனம். வருடா வருடம் கமக்காரன் கைக்காசு போட்டுத்தான் நன்மையை எடுக்கிறான், ஆகவே கணக்கின் இரண்டு பக்கமும் வீங்கி விகிதம் 1ஐ நோக்கி இழுபடும். ஒரு கொங்கிரீட் வீதிக்கு அப்படி இல்லை. 40 மில்லியன் வீதி 52 மில்லியன் நன்மை தருகிறதென்றால் விகிதம் 1.3, மிச்சம் 12 மில்லியன். ஒரே மேசையில் வீதி 1.3, குளம் 1.14 என்று வந்தால் வீதிக்குக் காசு போகும், குளம்தான் 7.3 மில்லியன் கூடத் தருகிறது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். கட்டை உயர்த்தினால் அலைகரைப் பக்கம் தண்ணீர் ஏறி மூழ்குகிற காணியும் இப்படித்தான். அதை "எதிர் நன்மை" என்று மேலே கழிக்கலாம், "செலவு" என்று கீழே கூட்டலாம், விகிதம் ஒவ்வொரு முறையும் வேறு. கணக்கிலேயே சேர்க்காமல் விடுவதுதான் செய்யக் கூடாதது, காணி மூழ்குகிறவரும் அதே கூட்டத்தில்தான் இருப்பார்.

விகிதத்தை வைத்து ஒப்பிட வேண்டிய கட்டாயம் இருந்தால், கீழே எதை வைப்பது என்பதை முதலே எழுதி எல்லாத் திட்டத்துக்கும் ஒரேமாதிரி வையுங்கள். தட்டுப்பாடான காசு எதுவோ அது மட்டும் கீழே, அதாவது அந்த வருடத்து மாவட்ட ஒதுக்கீட்டிலிருந்து போகிற முதலீடு. கமக்காரர் போடுகிற பசளைக் காசும், பின்னால் வருகிற பராமரிப்பும் அந்த ஒதுக்கீட்டிலிருந்து போகவில்லை, ஆகவே அவை மேலே கழிய வேண்டும். யாராவது 1.9 என்று ஒரு எண்ணை மட்டும் கொண்டுவந்து நீட்டினால் மேலே என்ன, கீழே என்ன என்று இரண்டு வரியில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், எழுத முடியாதவரின் எண்ணை வேறு எந்த எண்ணோடும் ஒப்பிடாதீர்கள்.

அந்தக் குளத்துக்கு சின்ன வேலைதான் நடந்தது. துருசு நல்ல துருசு, ஒழுக்கு நின்றது, கடைசி வயல்களுக்குத் தண்ணீர் போகிறது, அதில் குறை சொல்ல முடியாது. மிச்ச 40 மில்லியனை எங்கே செலவழித்தார்கள் என்று பிறகு விசாரித்தேன், பக்கத்தில் வேறெந்தக் குளத்துக்கும் மதிப்பீடு தயாராக இருக்கவில்லை, காசு அந்த வருடத்தோடு போய்விட்டது. மார்கழியில் நான் போனபோது குளம் வான் பாய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெரியவர் வானடியில் நின்று, பழைய மட்டத்துக்கு மேலே இரண்டு அடி கையை உயர்த்தி, கட்டு எந்த இடம்வரை வந்திருக்கும் என்று பேரனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.